20 லட்சம் சரக்கு, 8 லட்சம் கடன்: வங்கிக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: காரைக்குடியில் 11 வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். தை, மாசி முகூர்த்தத்துக்குச் சரக்கு எடுக்க 15 லட்சம் கேஷ் கிரெடிட் கேட்டு வங்கிக்குப் போனேன். கடையில் 20 லட்சத்துக்கு மேல் சரக்கு இருக்கிறது, அதில் முக்கால் பங்குதானே கேட்கிறேன் என்றேன். மேலாளர், "இருப்புக் கணக்கோடு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கொள்முதல் பில்கள், இருப்பு நோட்டு, எண்ணிய தாள் எல்லாவற்றின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?
— ஒரு பாத்திரக் கடைக்காரர், காரைக்குடி

பதில்:

உங்கள் தாள்களை ஒரு முழு மாலை உட்கார்ந்து பார்த்தேன். நோட்டு சுத்தமாக இருக்கிறது. வங்கிக் கடன் பிரிவில் 30 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கிலோ வாரியாக எழுதி வைக்கிற சில்லறைக் கடைகள் அதிகம் இல்லை. ஆனால் உங்கள் 20 லட்சத்தில் ஒரு பிழை இருக்கிறது. கடிதத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எண்ணிய தாளில் எவர்சில்வர் 2,400 கிலோ, கிலோ 375 ரூபாய் என்று போட்டு 9 லட்சம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கொள்முதல் பில்களைக் கூட்டிப் பார்த்தால் ஜிஎஸ்டி நீங்கலாகக் கிலோவுக்குச் சராசரி 300 ரூபாய்தான் வருகிறது. 375 என்பது நீங்கள் விற்கிற விலை. பித்தளை, அலுமினியம், குக்கர் எல்லாவற்றுக்கும் அப்படியே விற்பனை விலையைப் போட்டிருக்கிறீர்கள். இன்னும் வராத லாபத்தையும் சரக்கென்று எழுதிவிட்டீர்கள். இருப்பை வாங்கிய விலைக்குத்தான் மதிப்பிட வேண்டும். சந்தையில் விலை அதைவிட இறங்கியிருந்தால் இறங்கிய விலைக்கு. வரி வரவு எடுத்துக்கொள்கிற கடை என்பதால் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியையும் சேர்க்கக் கூடாது. இணக்க முறையில் இருந்து வரி வரவு எடுக்காத கடையாக இருந்தால் அந்த வரியும் அடக்க விலையில் சேரும். உங்களுக்கு அது பொருந்தாது.

வாங்கிய விலைக்கு மாற்றிப் போட்டால் எவர்சில்வர் 7.2 லட்சம், பித்தளையும் செம்பும் 3.9 லட்சம், அலுமினியம் 2.1 லட்சம், குக்கர், மிக்ஸி, அடுப்பு போன்ற எண்ணிக்கைச் சாமான் 2.9 லட்சம். ஆக மொத்தம் 16.1 லட்சம். 20 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கடன் அதிகாரி கண்டுபிடிக்க 10 நிமிடம் ஆகியிருக்காது. அவர் உங்கள் கடைக்கு வர வேண்டியதே இல்லை. எப்படி என்று சொல்கிறேன். கடிதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வங்கிக்காரர் முதலில் போடுவது ஒரு சின்னக் கணக்கு. ஏப்ரல் 1ஆம் தேதி இருந்த சரக்கு, அதோடு அதற்குப் பிறகு வாங்கியது, அதிலிருந்து விற்றுப்போன சரக்கின் அடக்க விலை கழிவு. மிஞ்சுவதுதான் கடையில் இருக்க வேண்டிய சரக்கு. உங்கள் கணக்கில் ஏப்ரல் 1 இருப்பு 13.2 லட்சம். செப்டம்பர் முடிய வாங்கியது 27.6 லட்சம். அதே ஆறு மாத விற்பனை 30 லட்சம். போன வருட லாப நட்டக் கணக்கில் மொத்த லாபம் விற்பனையில் 20 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியென்றால் 30 லட்சம் விற்பனையின் அடக்கம் 24 லட்சம். 13.2 கூட்டல் 27.6 கழித்தல் 24, ஆக 16.8 லட்சம். இந்த எண் எதையும் அவர் உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆரம்ப இருப்பு ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கில் இருக்கிறது, விற்பனை உங்கள் GSTR-3B-யில் இருக்கிறது, கொள்முதல் உங்களுக்குச் சரக்குப் போட்டவர்கள் ஏற்றிய பில்களால் உருவாகும் GSTR-2B-யில் இருக்கிறது.

ஆக, கணக்குப்படி 16.8 லட்சம் இருக்க வேண்டிய கடையில் 20 லட்சம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அவருக்கு இரண்டு சந்தேகம் வரும். விற்பனை விலையைப் போட்டிருக்கிறார், இல்லையென்றால் பில் இல்லாமல் வாங்குகிறார். இரண்டாவது சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கடிதமும் எடுபடாது. கணக்கைவிடச் சரக்கு குறைந்தால் உடைசல், திருட்டு, எழுத விட்டுப்போனது என்று ஏதாவது காரணம் சொல்லலாம். கூடினால் சொல்வது கடினம். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

சரி, 16.8-க்கும் எண்ணிய 16.1-க்கும் நடுவே 70,000 ரூபாய் இடிக்கிறது. இதை மறைக்காதீர்கள், கடிதத்தில் எழுதுங்கள். உங்கள் நோட்டிலேயே பதில் கிடக்கிறது. 45,000 ரூபாய்ப் பித்தளைச் சாமான் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறீர்கள், எண்ணிய அன்று திரும்பி வரவில்லை. 18,000 ரூபாய்க்கு லாரியில் நசுங்கி வந்த எவர்சில்வர் தூக்குகள் பழைய சாமான் விலைக்கு எடைக்குப் போயிருக்கின்றன. மிச்சம் 7,000 ரூபாய்க்கு விளக்கம் இல்லை. இல்லை என்றே எழுதுங்கள். ஆறு மாதத்தில் 30 லட்சம் விற்ற கடையில் 7,000 ரூபாய் குறைவு என்பது ஒழுங்காக எண்ணியதற்கு அடையாளம். ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிற இருப்புக் கணக்கைப் பார்த்தால்தான் எனக்கு உறுத்தும். எண்ணாமல், நோட்டைப் பார்த்து எழுதியது என்று அர்த்தம்.

எண்ணுவதைப் பற்றி ஒரு விஷயம். வேலையில் இருந்தபோது ஒரு ஊரில் இதே போன்ற பாத்திரக் கடைக்கு ஆய்வுக்குப் போனேன். பின்கட்டில் குக்கர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒன்றை எடுக்கலாம் என்று கையைக் கொடுத்தால் காற்று மாதிரி வந்தது. காலிப் பெட்டி. அதற்கடுத்ததும் காலி. கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. கொடுத்து அனுப்பலாமே என்று சேர்த்துவைத்த காலிப் பெட்டிகளைக் கடைப்பையன் சரக்கென்று எண்ணி எழுதியிருக்கிறான். ஆனாலும் நான் அறிக்கையில் என்ன எழுத முடியும்? "பெட்டிகள் காலி" என்றுதான் எழுதினேன். அதனால் எண்ணுகிற அன்று காலிப் பெட்டிகளை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். எடை போட்ட தாளில் எண்ணியவரும் எழுதியவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து, இந்த 16.1 லட்சத்தில் வங்கி எதற்குக் கடன் தரும் என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் நகராத சாமானைக் கழிப்பார்கள். உங்கள் நோட்டில் பழைய மாடல் கேஸ் அடுப்புகளும் ஹாட்பாக்ஸ்களும் 1.6 லட்சத்துக்கு அப்படி நிற்கின்றன. மீதி 14.5. இதில் கடனுக்கு வாங்கி இன்னும் பணம் கொடுக்காத சரக்கு 3.7 லட்சம் இருக்கிறது. மதுரைக்காரரும் கும்பகோணத்துக்காரரும் போட்ட பணத்துக்கு மறுபடி வங்கியும் பணம் போடாது. மீதி 10.8. இதில் உங்கள் பங்காக 25 சதவீதம் மார்ஜின் நிறுத்துவார்கள். வங்கிக்கு வங்கி இது மாறும், சரக்குக் கடனுக்குப் பெரும்பாலும் இந்த அளவுதான். 10.8 லட்சத்தில் முக்கால் பங்கு 8.1 லட்சம். டிராயிங் பவர் என்று வங்கியில் சொல்வது இதைத்தான்.

நீங்கள் நினைத்த 15 லட்சம் 8 லட்சமாகச் சுருங்கியதில் வருத்தம் இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியதே எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தை, மாசிக்கு முன்னால் நல்ல சரக்கை 14.5-லிருந்து 20 லட்சத்துக்கு ஏற்ற வேண்டும் என்கிறீர்கள், அதற்கு 5.5 லட்சம். கடனுக்குச் சரக்குத் தருகிறவர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்தால் 3 சதவீதம் குறைக்கிறார்கள் என்பதால் அவர்கள் பாக்கியை 3.7-லிருந்து 1 லட்சத்துக்கு இறக்க வேண்டும், அதற்கு 2.7 லட்சம். ஆக 8.2 லட்சம். சரக்குப் பக்கம் இருந்து வந்தாலும் தேவைப் பக்கம் இருந்து வந்தாலும் 8 லட்சத்தில்தான் வந்து நிற்கிறது. மீதி 20,000 உங்கள் கைப்பணம்.

வங்கிக்காரர் இன்னொரு வழியிலும் போட்டுப் பார்ப்பார். 1992-இல் நாயக் குழு சொன்ன முறை. சிறு தொழிலுக்கு வரும் வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம் என்பது. 5 கோடி வரையிலான வரம்புகளுக்கு ரிசர்வ் வங்கி இதை ஏற்றிருக்கிறது. உங்களுக்கு 66 லட்சம் விற்பனை என்று வைத்தால் 13.2 லட்சம் வரும். அந்த எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். வரம்பு 13 லட்சம் என்று கிடைத்தாலும் சரக்கு 8.1-க்குத்தான் நிற்கிறதென்றால் 8.1-க்கு மேல் எடுக்க விட மாட்டார்கள். 13.2-க்குள் 8 லட்சம் கேட்கிறீர்கள் என்பது கடிதத்தில் ஒரே வரியில் வந்தால் போதும்.

இனி கடிதம். உங்கள் எண்களை வைத்தே எழுதியிருக்கிறேன். தேதியை அக்டோபர் 22 என்று போட்டதற்குக் காரணம், செப்டம்பர் மாத GSTR-3B 20ஆம் தேதிதான் கடைசி. அதைத் தாக்கல் செய்த பிறகு போனால்தான் கடிதத்தில் உள்ள விற்பனையும் அரசிடம் சொன்ன விற்பனையும் ஒன்றாக இருக்கும்.

அனுப்புநர்:
(உரிமையாளர் பெயர், கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், உத்யம் எண்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை), காரைக்குடி

அக்டோபர் 22

பொருள்: சரக்கு இருப்பின் பேரில் 8 லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட் வரம்பு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட முகவரியில் 11 வருடங்களாக எவர்சில்வர், பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் சில்லறை விற்பனை செய்து வருகிறேன். தங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு விற்பனை 60 லட்சம் ரூபாய். இந்த ஆண்டு 66 லட்சம் எதிர்பார்க்கிறேன்.

செப்டம்பர் 30 அன்று கடை மூடிய பின் சரக்கை எடை போட்டும் எண்ணியும் எடுத்த இருப்பு, ஜிஎஸ்டி நீங்கலாக வாங்கிய விலைக்கு, 16.1 லட்சம் ரூபாய். ஏப்ரல் 1 இருப்பு 13.2 லட்சம், ஆறு மாதக் கொள்முதல் 27.6 லட்சம், 30 லட்சம் விற்பனையின் அடக்க விலை 24 லட்சம். இதன்படி இருக்க வேண்டியது 16.8 லட்சம். வித்தியாசமான 70,000 ரூபாயில் 45,000 ஈயம் பூசக் கொடுத்த பித்தளைச் சாமான். 18,000 போக்குவரத்தில் சேதமாகி எடைக்கு விற்றது. 7,000 குறைவு, காரணம் தெரியவில்லை. கொள்முதலும் விற்பனையும் என் ஜிஎஸ்டி தாக்கல்களோடு ஒத்துப்போகும்.

இந்த இருப்பில் 1.6 லட்சம் ஒரு வருடத்துக்கு மேல் விற்காத சாமான். இதையும், இந்த இருப்பில் சேராமல் வெளியே உள்ள 45,000 ரூபாய்ச் சாமானையும் கடனுக்கு ஆதாரமாகக் காட்டவில்லை. சரக்குக்காகக் கொடுக்க வேண்டிய பாக்கி 3.7 லட்சம். இவை போக நிகர இருப்பு 10.8 லட்சம், 25 சதவீத மார்ஜின் போக 8.1 லட்சம்.

தை, மாசி முகூர்த்தங்களுக்குச் சீர்ச் சாமான்கள் கார்த்திகை, மார்கழியிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக இருப்பை 5.5 லட்சம் உயர்த்தவும், ரொக்கத் தள்ளுபடி பெறும் பொருட்டு சரக்குப் பாக்கியில் 2.7 லட்சம் தீர்க்கவும் 8.2 லட்சம் தேவை. எதிர்பார்க்கும் விற்பனையின் 20 சதவீதத்துக்கு உட்பட்டு 8 லட்சம் கோருகிறேன். மீதியை நான் போட்டுக்கொள்கிறேன்.

என் கடையில் சரக்கு சராசரியாக நான்கு மாதம் நிற்கிறது. அண்டா, குத்துவிளக்கு, அடுக்கு போன்ற சீர்ச் சாமான்கள் முகூர்த்த மாதங்களில் மட்டும் நகர்வதே காரணம். மாதவாரி விற்பனையை இணைத்துள்ளேன்.

சரக்கு இரண்டு இடங்களில் இருக்கிறது: கடையிலும், அதே தெருவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் இரண்டாம் கட்டு அறையிலும். இரண்டு முகவரிகளையும் காப்பீட்டில் சேர்த்திருக்கிறேன். எந்த நாளிலும் வந்து பார்வையிடலாம். மாத இருப்பு அறிக்கையை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தருகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இணைப்பு: செப்டம்பர் 30 எண்ணிக்கைத் தாள், மாதவாரி கொள்முதல்-விற்பனை-இருப்புச் சுருக்கம், சரக்குப் பாக்கிப் பட்டியல், இரண்டு வருடக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல்கள், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு நகல்.

கடிதத்தில் உள்ள இரண்டு விஷயங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கட்டு அறை. இங்கே பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதும், உடையவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பதும், ஒரு அறையை வாய்ப்பேச்சில் வாடகைக்கு விடுவதும் நமக்குச் சகஜம். வங்கிக்குச் சகஜமில்லை. நீங்கள் அனுப்பிய காப்பீட்டு நகலில் கடை முகவரி மட்டும்தான் இருக்கிறது. பித்தளைச் சாமான் பாதி அந்த அறையில் இருக்கிறது. தீயோ திருட்டோ நடந்தால் அந்தப் பாதிக்கு ஒரு பைசா வராது. வங்கியும் காப்பீடு இல்லாத சரக்கை ஆதாரமாக எடுக்காது, எடுக்காவிட்டால் மேலே போட்ட 8.1 லட்சம் நிற்காது. ஆகவே கடிதம் போகும் முன்னால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள், காப்பீட்டில் அந்த முகவரியையும் சேர்த்துவிடுங்கள். இவை முடியாமல் அந்தப் பத்தியை எழுத வேண்டாம்.

இன்னொன்று நான்கு மாதம். 16.1 லட்சத்தை மாதம் 4 லட்சம் அடக்க விலையால் வகுத்தால் நான்கு மாதம் வருகிறது. சரக்கு இவ்வளவு நாள் நிற்கிறதே என்று அவர் கட்டாயம் கேட்பார். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்புவதைப் பார்த்திருக்கும் மேலாளராக இருந்தால் விளக்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவராக இருக்கலாம் அல்லவா? அதனால்தான் மாதவாரி விற்பனைத் தாள். உங்கள் நோட்டில் தை மாத விற்பனை ஆடி மாதத்தைப் போல் மூன்று மடங்கு இருக்கிறது. அந்தத் தாளை மேலே வையுங்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு 12 ஜோடி "விற்றால் பணம்" என்று ஒருவர் வைத்துவிட்டுப் போனதை இருப்பில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அது சரி. அவை உங்கள் சரக்கு இல்லை. ஆனால் ஆய்வுக்கு வருபவர் அலமாரியில் பார்ப்பார். ஒரு சீட்டு ஒட்டித் தனியாக வையுங்கள். வாடிக்கையாளர்கள் மாற்றுக்குக் கொடுத்த பழைய பித்தளையும் அப்படித்தான். அதற்குப் பில் இருக்காது. எடை, தேதி, கொடுத்தவர் பெயர், போட்ட விலை என்று தனி நோட்டு போடுங்கள், கடனுக்குக் காட்டாதீர்கள். புதுச் சாமானோடு கலந்து எடை போட்டால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் குழம்பும்.

பேரேடும் ஐந்தொகையும் எழுதி பர்மாவரை வட்டிக்கடை நடத்திய ஊர்க்காரருக்கு நான் கணக்குச் சொல்லித் தருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கம்தான். இருந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது.

கடன் கிடைத்த பிறகு மாத இருப்பு அறிக்கையை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய அறிக்கையை வைத்து எடுக்கும் பணத்தை ஒழுங்கற்ற கடனாகத்தான் வங்கி பார்க்கும். அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், வட்டி ஒழுங்காகக் கட்டினாலும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். மாசி முடிந்து சரக்கு விற்றுக் குறையும்போது டிராயிங் பவரும் குறையும் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். நல்ல சரக்கு பங்குனியில் 11 லட்சத்துக்கு இறங்கி, பாக்கி 1 லட்சம் இருந்தால் எடுக்கக்கூடியது 7.5 லட்சம்தான். 8 லட்சமும் எடுத்து வைத்திருந்தால் 50,000 ரூபாயை உடனே திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மாசி விற்பனைப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டு வந்தால் இது வராது. வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் வரும்.

ஈயம் பூசக் கொடுத்த சாமானுக்கு உங்களிடம் சீட்டு இல்லை, நோட்டில் பென்சிலால் எழுதியது மட்டும் இருக்கிறது. நாளைக்கே அவரிடம் எண்ணிக்கையும் எடையும் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.